பெற்றோர் கூட்ட அழைப்புக் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு உயர்நிலைப் பள்ளிகளில் பல ஆண்டுகள் பத்தாம் வகுப்புக்கு வகுப்பாசிரியராக இருந்தவன் நான். புதிதாக வகுப்பாசிரியர் பொறுப்பை ஏற்கிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் என்னிடம் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டு முழுவதும் ஒரே கூட்டம்தான்: பொதுத்தேர்வுப் பெயர்ப் பட்டியலைப் பெற்றோரே வந்து சரிபார்க்கும் நவம்பர் மாதக் கூட்டம். வகுப்பில் 42 பேர்.

ஒரு மாதிரிக் கடிதம் முழுசா காட்டுங்க சார், அதைப் பார்த்து எழுதிக்கிறேன்.

அரசு உயர்நிலைப் பள்ளி, (ஊர்)
10.11.2025

பத்தாம் வகுப்பு மாணவர் ______________ அவர்களின் பெற்றோர் / பாதுகாவலருக்கு,

வணக்கம். உங்கள் பிள்ளையின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அச்சாகப்போகும் பெயர், இனிஷியல், பிறந்த தேதி ஆகியவற்றை நீங்களே நேரில் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்காக இந்தக் கூட்டம்.

| | |
|---|---|
| நாள் | 21.11.2025, வெள்ளிக்கிழமை |
| நேரம் | முதல் அணி: பிற்பகல் 3.00 முதல் 4.15 வரை |
| | இரண்டாம் அணி: மாலை 4.30 முதல் 5.45 வரை |
| இடம் | பத்தாம் வகுப்பு அறை (சத்துணவுக் கூடத்துக்கு எதிரில்) |
| கொண்டு வர | பிள்ளையின் ஆதார், பிறப்புச் சான்றிதழ் – நகல் போதும் |
| மழை விடுமுறை விட்டால் | 24.11.2025, திங்கட்கிழமை, அதே நேரம் |

பேசப்போவது:
1. பெயர்ப் பட்டியல் சரிபார்ப்பு (ஒவ்வொருவருக்கும் தனியாக)
2. அரையாண்டுத் தேர்வு, மாலைச் சிறப்பு வகுப்பு நேரம்
3. சிறப்பு வகுப்பு முடிந்து வீடு திரும்பப் பேருந்து வசதி
4. நீங்கள் கேட்க விரும்புவது

நான் வரும் அணி: முதல் ☐ இரண்டாம் ☐ (இங்கும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்)

கீழ்ச்சீட்டை 13.11.2025 வியாழனுக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.

தலைமையாசிரியர்          வகுப்பாசிரியர்

✂ – – – – – – – – – – – – – – – – – – – – – – – – – –

பதில் சீட்டு: 21.11.2025 பெற்றோர் கூட்டம், பத்தாம் வகுப்பு

வரிசை எண்: ____ மாணவர் பெயர்: ______________

☐ முதல் அணிக்கு வருகிறேன் (பிற்பகல் 3.00)
☐ இரண்டாம் அணிக்கு வருகிறேன் (மாலை 4.30)
☐ அன்று வர இயலாது. வேறு நாள் காலை 9 மணிக்கு வர முடியும்: ___ கிழமை
☐ வர இயலாது. இந்த எண்ணில் அழைக்கவும்: ______________ நேரம்: ______

வருபவர் பெயர், உறவு: ______________
கையொப்பம் / கைநாட்டு: ______________

இவ்வளவுதான். ஒரே பக்கம். "கல்வியே கண்" என்று தொடங்கும் முதல் பத்தியை நானும் ஒரு காலத்தில் எழுதியவன்தான். அதைப் படித்து முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். தேதியைக் கண் தேடும் இடத்தில் தேதி இருக்க வேண்டும்.

மேலேயும் அணி குறிக்கணும், கீழேயும் குறிக்கணும். எதுக்கு ரெண்டு வேலை?

ஏனென்றால் இந்தத் தாள் ஒரே தாளாக இருப்பது மூன்று நாளைக்குத்தான். அப்புறம் அது இரண்டு தாள். ஒன்று வீட்டில் காலண்டர் ஆணியில் தொங்கும், இன்னொன்று உங்கள் மேசை டிராயரில் கிடக்கும். ஒன்றில் எழுதியது மற்றொன்றுக்குத் தெரியாது.

நான் முதன்முதலில் தயாரித்த கடிதத்தில் அழகுக்காக நாள், நேரம், இடம் மூன்றையும் ஒரு கட்டம் கட்டி அடியில் வைத்தேன். வெட்டுக்கோட்டுக்கு அடியில். பெற்றோர்கள் ஒழுங்காகக் கிழித்து, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள். சீட்டெல்லாம் வந்து சேர்ந்த நாளில் எனக்கு ஒரே பூரிப்பு. மறுநாள் காலை முன்வரிசைப் பையன் எழுந்து, "சார், கூட்டம் என்னைக்குன்னு அம்மா கேட்டு வரச் சொன்னாங்க" என்றான். பின்னாலேயே இன்னும் நாலைந்து கை உயர்ந்தது. தேதி முழுக்க என் டிராயரில்தான் இருந்தது.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கடிதத்தை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு பிரதியைக் கிழித்துப் பார்ப்பேன். மேல் துண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, "எங்கே, எப்போது, எதற்கு, எதை எடுத்துக்கொண்டு, எந்த அணிக்குப் போக வேண்டும்?" என்று கேட்டுக்கொள்வேன். பிறகு கீழ்த் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு, "இது யாருடைய சீட்டு, எந்தக் கூட்டத்துக்கானது, என்ன சொல்கிறது?" என்று கேட்பேன். இரண்டுக்கும் பதில் கிடைத்தால்தான் ஜெராக்ஸ். பதில் சீட்டின் தலைப்பில் கூட்டத் தேதியையும் வகுப்பையும் போடுவது இதற்காகத்தான். ஆறாம் வகுப்புக்கும் அதே வாரம் கூட்டம் இருந்து, இரண்டு கட்டும் ஆசிரியர் அறையில் கலந்துவிட்டால் தலைப்பில்லாத சீட்டைப் பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

தேதியைத் தெளிவாத்தான் போட்டேன். ஆனாலும் மூணு பேர் தப்பான நாள்ல வந்துட்டாங்க.

கடிதத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். ஆனால் பெரும்பாலும் மூன்றில் ஒரு காரணமாக இருக்கும்.

முதலாவது, கடிதம் எழுதிய தேதி வலது மேல்மூலையில் பெரிதாக இருக்கும். கூட்டத் தேதி பத்திக்குள் புதைந்திருக்கும். கண்ணில் முதலில் படுவதைத்தான் ஆள் பிடித்துக்கொள்வார். கடிதத் தேதியைச் சின்னதாகப் போடுங்கள். கூட்டத் தேதியைக் கட்டத்துக்குள் தடித்த எழுத்தில் போடுங்கள்.

இரண்டாவது, "வரும் வெள்ளிக்கிழமை" என்று எழுதுவது. கடிதம் திங்களன்று கிளம்புகிறது. பையன் பைக்குள் வைத்து மறந்து சனிக்கிழமை எடுத்துக் கொடுக்கிறான். அந்த அம்மாவுக்கு "வரும் வெள்ளி" என்பது வேறு வெள்ளி. தேதியும் கிழமையும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்றில் தட்டச்சுப் பிழை விழுந்தாலும் மற்றொன்று காட்டிக்கொடுக்கும். 21.11.2025 என்று அடித்துவிட்டு வியாழன் என்று போட்டிருந்தால் யாராவது ஒருவராவது கேட்பார். காலண்டரைக் கிட்ட வைத்துக்கொண்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள். போன வருடக் கடிதத்தைத் திறந்து எண்ணை மட்டும் மாற்றுகிறவர்களுக்குக் கிழமைதான் காலை வாரிவிடும்.

மூன்றாவது, வெறும் "4.30 மணிக்கு" என்பது. பள்ளி என்றால் மாலைதானே என்று நமக்குத் தோன்றும். சந்தைக்குக் காய் எடுத்துப் போகிறவருக்கு விடிகாலை 4.30 வழக்கமான நேரம். அவர் பள்ளிக்கு வந்து நிற்க மாட்டார், சரி. ஆனால் "மாலை" என்று ஒரு சொல் சேர்க்க என்ன செலவு?

எந்த நாள்ல வைக்கலாம்? எப்ப வச்சாலும் யாராவது வரமுடியலைன்னு சொல்றாங்க.

எல்லோருக்கும் தோதான நாள் கிடையாது. வேண்டாத நாட்களைக் கழித்துவிட்டு மிச்சத்தில் ஒன்றை எடுப்பதுதான் வழி. முகூர்த்த நாள், ஊரில் வாரச்சந்தை கூடும் நாள், தீபாவளி பொங்கலுக்கு முந்தைய வாரம் ஆகியவை கூடாது. கிராமசபை நாட்களிலும் வைக்காதீர்கள். முன்பு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு இருந்தன. பிறகு மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்தன. அன்றைக்குச் சுற்றுவட்டாரமே அங்கே இருக்கும்.

நூறு நாள் வேலைக்குப் போகிற ஊராக இருந்தால் பிற்பகல் 3 மணிக்கு முன்னால் கூட்டம் வைத்துப் பயனில்லை. மில், பனியன் கம்பெனி ஷிஃப்ட் உள்ள ஊரில் ஒரே நேரத்துக்கு அழைத்தால் பாதிப் பேர் கட்டாயம் விடுபடுவார்கள். மாதிரியில் இரண்டு அணி வைத்ததற்கு அது ஒரு காரணம்.

நவம்பரில் கூட்டம் என்றால் மழையை மறக்கவே கூடாது. காலை ஏழு மணிக்கு மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிப்பார். 42 வீட்டுக்கும் நீங்கள் எப்படித் தகவல் சொல்வீர்கள்? மாற்று நாளைக் கடிதத்திலேயே போட்டுவிட்டால் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ரெண்டு அணி, ஒண்ணேகால் மணி நேரம்னு எப்படிக் கணக்குப் போட்டீங்க?

ஒரு பெற்றோர் உட்கார்ந்து, பிள்ளையின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தெழுத்தாகப் பார்த்து, பிறப்புச் சான்றிதழோடு தேதியை ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட சுமார் 4 நிமிடம் பிடிக்கும். 42 பேருக்கு 168 நிமிடம். ஒரே மேசை போட்டால் மூன்று மணி நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் குறைவு. யார் காத்திருப்பார்? அணிக்கு 21 பேர், மேசை இரண்டு என்றால் ஓர் அணிக்கு 42 நிமிடம். முன்னால் 20 நிமிடம் பொதுவாகப் பேச வேண்டும். ஆக 62 நிமிடம். தாமதமாக வருகிறவர்களுக்கும் இனிஷியல் தகராறுக்கும் 13 நிமிடம் கையிருப்பு வைத்தேன். மொத்தம் 75 நிமிடம்.

இனிஷியல் தகராறு என்று விளையாட்டாகச் சொல்லவில்லை. அப்பா பெயருக்கு முன்னால் தாத்தா பெயரின் எழுத்தையும் ஆதாரில் சேர்த்திருப்பார்கள், பள்ளிப் பதிவேட்டில் ஒற்றை எழுத்துதான் இருக்கும். எது போக வேண்டும் என்று வீட்டில் பேசி முடிவெடுத்து வர வேண்டும். சான்றிதழ் அச்சாகி வந்த பிறகு திருத்தம் என்றால் பள்ளியில் முடியாது. விண்ணப்பம் அரசுத் தேர்வுகள் இயக்ககம் வரை போக வேண்டும். அந்த அலைச்சலைப் பார்த்தவர்கள் இந்த 4 நிமிடத்தை வீண் என்று சொல்ல மாட்டார்கள்.

'நிகழ்ச்சி நிரல்'னு போடறதா, 'கூட்டப் பொருள்'னு போடறதா?

தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, நன்றியுரை என்று போனால் அது நிகழ்ச்சி நிரல். ஆண்டு விழாவுக்குப் பொருந்தும். பள்ளி மேலாண்மைக் குழுவின் பதிவேட்டில் கூட்டப் பொருள் என்று எழுதுவோம், கீழே தீர்மானம் வரும். பெற்றோருக்கு எழுதும்போது நான் இரண்டையும் விட்டுவிட்டு "பேசப்போவது" என்றே போடுகிறேன்.

பெயரைவிட வரிசை முக்கியம். பெற்றோர் வேலையை விட்டு வருவதற்கு எது காரணமோ அது முதலில் இருக்க வேண்டும். "மாணவர் முன்னேற்றம் குறித்து" என்று ஒரு வரி போடுகிறோமே, அதைப் படிக்கிறவருக்கு "மார்க் குறைவு, திட்டப்போகிறார்கள்" என்றுதான் தோன்றும். அப்படி நினைத்தவர் பாட்டியை அனுப்பிவைப்பார். பாட்டி வருவதில் தவறில்லை. ஆனால் இனிஷியலை அவர் தீர்மானிக்க முடியாதே. "சான்றிதழில் பெயர் சரியா என்று பார்க்க" என்று எழுதினால் யார் வர வேண்டும் என்று வீட்டுக்கே புரிந்துவிடும்.

தனிப்பட்ட மதிப்பெண்ணைப் பொதுப் பட்டியலில் பேச்சுப் பொருளாகப் போடாதீர்கள். இருபது பேர் முன்னால் ஒரு பிள்ளையின் மார்க்கைப் படித்துக் காட்டினால், அந்தப் பெற்றோர் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார்.

பதில் சீட்டுல 'வருகிறேன் / வரவில்லை'ன்னு மட்டும் போட்டா போதாதா?

தலையை எண்ணுவதற்குப் போதும். ஆனால் "வரவில்லை" என்று குறித்தவரை அப்புறம் என்ன செய்வீர்கள்? அவருடைய பிள்ளையின் பெயரையும் யாராவது சரிபார்த்தாக வேண்டும். அதனால் வர இயலாது என்பதற்குப் பின்னால் ஒரு கதவு திறந்திருக்க வேண்டும்: வேறு நாள் காலை, அல்லது தொலைபேசி. "ஏன் வர இயலவில்லை?" என்று காரணம் கேட்கும் கோடு மட்டும் வேண்டாம். காரணம் எழுத மனமில்லாதவர்கள் சீட்டையே அனுப்ப மாட்டார்கள்.

மாணவர் பெயரையும் வரிசை எண்ணையும் கொடுப்பதற்கு முன் வகுப்பிலேயே பிள்ளைகளை எழுத வைத்துவிடுங்கள், மேலேயும் கீழேயும். பெயரில்லாமல் டிக் மட்டும் போட்ட சீட்டு ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு வரும்.

பிள்ளைங்களே கையெழுத்துப் போட்டுக் கொண்டு வந்துடறாங்க. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சேர்க்கை விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து இருக்கும், ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் அதற்கு முன்பே சில அடையாளம் தெரிந்துவிடும். காலை 9 மணிக்குக் கொடுத்த கடிதத்துக்கு மதியம் பதில் வந்தால் சந்தேகப்படலாம். சீட்டில் ஒரு மடிப்புக்கூட இல்லை, விடைத்தாளில் ஓடும் அதே நீலப் பேனா, டிக் குறியின் வால் ஆசிரியர் போடுவது மாதிரி நீளமாக இருக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

வகுப்பில் நிறுத்திக் கேட்காதீர்கள். பெரும்பாலும் அந்தப் பிள்ளை வீட்டில் யாருக்கோ பயந்திருக்கும், அல்லது அப்பா வர முடியாது என்று தெரிந்து அவர் மானத்தைக் காப்பாற்றியிருக்கும். மாலையில் வீட்டுக்கு ஒரு போன் போதும். "வணக்கம்மா, வெள்ளிக்கிழமை பேர் பார்க்க வர்றீங்கதானே?" என்று கேட்டால் தகவலும் போய்விடும், யாரையும் காட்டிக்கொடுத்ததாகவும் ஆகாது.

எங்க ஊர்ல பாதிப் பெற்றோருக்குப் படிக்கத் தெரியாது. கடிதம் எதுக்கு?

படித்துக் காட்டுவது பிள்ளைதான். அதனால் பிள்ளை உரக்கப் படித்தால் புரியும்படி எழுதுங்கள். "மேற்காண் பொருள் தொடர்பாகத் தங்கள் வருகை பெரிதும் விரும்பப்படுகிறது" என்பதைப் பத்தாம் வகுப்புப் பையனாலேயே அம்மாவுக்கு விளக்க முடியாது. கொடுக்கும்போது வகுப்பில் ஒருவரை எழுப்பி ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே திக்குகிறதோ அந்த வரியை அடுத்த முறை மாற்றிவிடலாம்.

கைநாட்டு என்ற சொல்லைச் சீட்டில் அச்சிட்டே வையுங்கள். இல்லையென்றால் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள், அல்லது பிள்ளையைப் போடச் சொல்வார்கள். மேலே சொன்ன குழப்பம் திரும்ப வரும்.

'தந்தை கையொப்பம்'னு கோடு போட்டதுக்கு ஒரு பொண்ணு அழுதுட்டா.

அந்தக் கோட்டை எடுத்துவிடுங்கள். பெற்றோர் / பாதுகாவலர் என்றால் பாட்டி, மாமா, விடுதிக் காப்பாளர் எல்லோரும் அடக்கம். "வருபவர் பெயர், உறவு" என்று கேட்டால் யார் வருகிறார் என்பதும் தெரியும், வராதவரைப் பற்றி யாரும் சொல்ல வேண்டியதுமில்லை.

எத்தனை நாள் முன்னாடி கொடுக்கணும்?

10, 11 நாள். இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மறந்துவிடுவார்கள். மூன்று நாள் முன்பு என்றால் கூலி வேலைக்குப் போகிறவர் மேஸ்திரியிடம் சொல்லி நாள் மாற்ற முடியாது. சீட்டு திரும்ப மூன்று இரவு போதும். மாதிரியில் கெடுவை வியாழன் என்று போட்டதற்குக் காரணம் மறுநாள் நவம்பர் 14. குழந்தைகள் தினத்தன்று சீட்டு கேட்டால் உங்களுக்கும் பிடிக்காது, அவர்களுக்கும் பிடிக்காது.

கடைசிப் பாடவேளையில் கொடுங்கள். காலையில் கொடுத்தால் மதியத்துக்குள் சில தாள் ராக்கெட்டாகிப் பறக்கும்.

கெடு தாண்டியும் ஆறு சீட்டு வரலை. விட்டுடலாமா?

விடக்கூடாது, இந்த ஆறு பேருக்காகத்தான் சீட்டே. 42 வரிசை எண்ணையும் ஒரு தாளில் எழுதி, வந்த சீட்டுக்கு நேராக 1, 2, வே, போ என்று குறித்துவிடுங்கள் (முதல் அணி, இரண்டாம் அணி, வேறு நாள், போன்). காலியாக நிற்கும் எண்கள் உடனே தெரியும். அவர்களுக்குப் புதிதாக ஒரு முழுக் கடிதம் கொடுங்கள், சீட்டை மட்டும் அல்ல. சீட்டைத் தொலைத்தவர் வீட்டில் மேல்பாதியும் இருக்காது. அதற்கும் பதில் இல்லை என்றால் திங்கட்கிழமை போன்.

அணிகளின் எண்ணிக்கையையும் அப்போதே பாருங்கள். இரண்டாம் அணியில் 28 பேர் சேர்ந்துவிட்டால் இரண்டு மேசையில் 56 நிமிடம், பேச்சோடு 76. 13 நிமிடக் கையிருப்பும் போய் ஒரு நிமிடம் இடிக்கும். மூன்றாவது மேசைக்கு ஒரு ஆசிரியரைக் கேட்டு வைத்துக்கொள்ள ஒரு வாரம் கையில் இருக்கிறது.

அச்சடிக்கும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது?

ஏ4 தாளின் உயரம் 29.7 செ.மீ. அடியில் 9 செ.மீ. சீட்டுக்கு விட்டால் கையால் எழுத இடம் போதும். அதற்குக் குறைத்தால் பெயர் எழுதும் கோட்டின் மேல் டிக் கட்டம் ஏறிவிடும். ஜெராக்ஸ் இயந்திரம் ஓரத்தில் அரை செ.மீ. வரை விழுங்கும், கையொப்பக் கோட்டை விளிம்போடு ஒட்டி வைக்காதீர்கள்.

சீட்டின் பின்பக்கம் வெறுமையாக இருக்கட்டும். தாளை மிச்சப்படுத்தப் பின்னால் சிறப்பு வகுப்பு அட்டவணை அடித்தால், கிழிக்கும்போது வியாழன், வெள்ளி இரண்டும் உங்களிடமே திரும்பி வரும்.

பழைய வானவில் ஔவையார் எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பைக் கடைக்கு எடுத்துப் போனால் அங்கே அந்த எழுத்துரு இருக்காது. கடிதம் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பிடிஎஃப் ஆக்கிக் கொண்டு போங்கள். புள்ளிக்கோட்டின் மேல் ஸ்கேலை வைத்து அழுத்தி ஒருமுறை மடித்துக் கொடுத்தால் வீட்டில் கத்தரிக்கோல் தேட வேண்டியதில்லை. 42 தாளை மடிக்க நான்கு பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம்.

வாட்ஸ்அப் குழுவுல போட்டா முடிஞ்சுதே?

போடுங்கள், ஆனால் நினைவூட்டலுக்கு. கடிதத்தைப் படமெடுத்து முந்தின நாள் மாலை போடலாம். கூடவே அரை நிமிடக் குரல் பதிவு ஒன்று, படிக்கத் தெரியாதவர்களுக்காக. பதிலைக் குழுவில் கேட்காதீர்கள். "ஓகே சார்" என்று முப்பது வரும். எண்ணை மட்டும் பார்த்து எந்தப் பிள்ளையின் வீடு, எந்த அணி என்று தெரியாது. வர முடியாதவர் எல்லோர் முன்னாலும் அதை எழுத மாட்டார், பேசாமல் இருந்துவிடுவார். அந்த வீட்டுப் போனும் பல சமயம் பையன் கையில்தான் இருக்கும்.

கூட்டம் முடிஞ்சதும் சீட்டையெல்லாம் தூக்கிப் போட்டுடலாமா?

வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கியிருப்பீர்கள், அதுதான் பதிவு. ஆனாலும் சான்றிதழ் கைக்கு வரும்வரை சீட்டுக் கட்டை ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருப்பேன். "வேறு நாள்", "போன்" என்று குறித்தவர்களின் சீட்டுகளை மட்டும் தனியாக, மேலே. அவர்கள் பிள்ளைகளின் பெயரைச் சரிபார்த்த அன்றைக்கு அந்தச் சீட்டிலேயே தேதி போட்டுக் கீழே தள்ளிவிடுவேன்.